தண்ணீர் லாரிக்கு எட்டு சதவீதம்: பட்ஜெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் நோயாளிகளும் உறவினர்களும் தங்கும் லாட்ஜுகள் நிறைய. அப்படி ஒரு 24 அறை லாட்ஜுக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். பட்ஜெட் போடும் முறை அங்கே எளிது: போன வருஷத் தொகையோடு எட்டு சதவீதம் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

2022-23 கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்துபோய், தண்ணீர் லாரிக்கு 1,80,000 ரூபாய் செலவானது. மோட்டாரை மாற்றியாயிற்று. பட்ஜெட்டில் அந்தத் தொகை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. எட்டு எட்டு சதவீதமாக ஏறி 2025-26இல் அது 2,26,748 ரூபாய். "அவ்வளவு லாரியா வருது?" என்று மேனேஜரிடம் கேட்டேன். "இல்ல சார், மிச்சத்துல மார்ச் மாசம் பெட்ஷீட், தலையணை வாங்கிடுவோம். செலவு பண்ணலேன்னா அடுத்த வருஷம் குறைச்சிடுவாங்களே" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. கூட்டும் எட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அடியில் கிடந்த நூறை யாரும் திறந்து பார்க்கவில்லை.

சரி, ஜீரோ பேஸ் பட்ஜெட் என்று உட்கார்ந்தோம். 1970 வாக்கில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் பீட்டர் பைர் வடிவமைத்த முறை இது. ஒவ்வொரு செலவும் பூஜ்யத்திலிருந்து தன் தேவையை நிரூபிக்க வேண்டும். இங்கேதான் முதல் சறுக்கல். போன வருஷ பில்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினார்கள். அது பழைய பட்ஜெட்டுக்கு வக்காலத்துதான். பில்லை மூடிவிட்டு, செலவை எது உண்டாக்குகிறது என்று கேட்க வேண்டும்.

தண்ணீரில் அது ஆள் தங்கும் அறைகளின் எண்ணிக்கை. சராசரியாக 18 அறை நிரம்புகிறது. குளியல், துணி, துடைப்பது எல்லாம் சேர்த்து அறைக்கு 500 லிட்டர் என்றால் நாளுக்கு 9,000. ஏப்ரல் முதல் ஜூன் வரை போர்வெல் தருவது 6,000. மற்ற மாதங்களில் தேவைக்கு மேலேயே வருகிறது. ஆக, 91 நாளுக்கு தினம் 3,000 லிட்டர் பற்றாக்குறை, மொத்தம் 2,73,000. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி 23 நடை. எங்களுக்கு நடை 1,800 ரூபாய் ஆகிறது. 41,400 ரூபாயில் வேலை முடிந்தது!

அதே கணக்கை 21 அறைக்குப் போட்டுப் பாருங்கள். பற்றாக்குறை தினம் 4,500 லிட்டர், 35 நடை, 63,000 ரூபாய். அறை கூடியது ஆறில் ஒரு பங்கு, லாரிச் செலவு கூடியது பாதிக்கு மேல். போர்வெல் தருவது மாறாததால் கூடுதல் தேவை முழுவதும் லாரி தலையில் விழுகிறது. எந்தச் சதவீதத்தைக் கூட்டினாலும் இது தெரியவராது.

அடுத்த சறுக்கல், முடிவுத் தொகுப்புகள் எழுதும்போது. ஒவ்வொரு செலவுக்கும் குறைந்தபட்சம், நடப்பு, கூடுதல் என்று நிலைகள் எழுதி, முதலாளி முன்னுரிமை வரிசை போட வேண்டும். பலரும் நடப்பையே குறைந்தபட்சம் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? பெட்ஷீட் சலவையை வெளியே கொடுத்தால் எத்தனை நடை குறையும், சலவைக்கூலி எவ்வளவு என்று நாங்கள் ஒரு மாற்றும் எழுதினோம்.

எல்லாச் செலவுக்கும் வருஷாவருஷம் இதைச் செய்யப் போனால் கணக்குப்பிள்ளை ஓடிவிடுவார். சொத்து வரிக்கெல்லாம் பூஜ்யத்திலிருந்து யோசிக்க ஒன்றுமில்லை. தண்ணீர், சலவை, டீசல் இந்த வருஷம். வேறு மூன்று அடுத்த வருஷம். மற்றவற்றுக்குச் சதவீதம் போதும். ஆனால் போன வருஷ பட்ஜெட் மேல் கூட்டாமல், ஒருமுறைச் செலவுகளைக் கழித்த நிஜச் செலவின் மேல் கூட்டுங்கள்.

நிரம்பும் அறை 18ஆ 21ஆ என்பது வருஷ நடுவில் மாறும். அதற்குத்தான் ரோலிங் பட்ஜெட்: ஒரு காலாண்டு முடிந்ததும் கடைசியில் ஒன்றைச் சேர்த்து, எப்போதும் 12 மாதம் முன்னால் பார்ப்பது. ஜூன் முடிந்ததும் எங்கள் பையன் அடுத்த ஏப்ரல்-ஜூனைச் சேர்த்தான், அதற்கு முந்தைய ஜனவரி-மார்ச்சைக் காப்பி செய்து. ஜனவரியில் லாரியே கிடையாது. ஆக, கோடைக்கும் பூஜ்யம்! சேர்க்கும் காலாண்டுக்கு அறை, போர்வெல் கணக்கை மறுபடி போட வேண்டும். நடுவில் இருக்கும் மூன்று காலாண்டுகளையும் தொட்டுத் திருத்த வேண்டும். அதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

திருத்தும்போது ஏப்ரலில் ஒப்புக்கொண்ட முதல் பட்ஜெட்டை அழித்துவிடாதீர்கள். அந்த லாட்ஜ் தாளில் இப்போது மூன்று பத்திகள்: முதலில் சொன்னது, இப்போது நினைப்பது, நடந்தது. முதல் பத்தி இல்லாத காலத்தில், மேனேஜர் மாதக் கடைசியில் மதிப்பீட்டைச் செலவுக்குத் தக்கபடி மாற்றிக்கொண்டே வந்தார். வித்தியாசம் என்ற வரியில் எப்போதும் பூஜ்யம்தான்.