பால் பில்லைப் பார்த்து மயங்காதீர்கள்: ஒற்றை மாட்டு வருமானத்தில் நடக்கும் தவறுகள்

பாலக்கோடு, காரிமங்கலம், பர்கூர் பக்கம் சம்பளம் பற்றாத வீட்டில் முதலில் வரும் யோசனை ஒரு கறவை மாடு. கணவர் ஓசூரில் ஒப்பந்த வேலை, மாதம் 17,000 ரூபாய். வாடகை இல்லை, ஆனால் குழுக்கடன் தவணை, பள்ளிச் செலவு, மளிகை எல்லாம் போனால் கடைசி வாரம் கைமாற்றுதான். அம்மா வீட்டிலிருந்து ஈன்ற மாடு ஒன்று வந்து சேர்கிறது. சொசைட்டியில் பால் ஊற்றி முதல் மாதத்துப் பில்லைக் கூட்டினால் 9,720 ரூபாய். வீடே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறது. பெரும்பாலான தவறுகள் தொடங்குவது அந்த மாதத்தில்தான்.

முதல் தவறு, பில் தொகையை வருமானம் என்று எண்ணுவது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கன்று குடித்தது போக மாடு நாளைக்கு 10 லிட்டர் கறக்கிறது. வீட்டுக்கு ஒரு லிட்டர், சொசைட்டிக்கு ஒன்பது. கொழுப்பும் திடச்சத்தும் பார்த்து லிட்டருக்கு 36 ரூபாய் விழுகிறது என்று வைத்துக்கொண்டால் மாதம் 9,720.

இப்போது செலவு. மாட்டின் உடம்புக்கு நாளைக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 400 கிராம் என்பது கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. பத்து லிட்டருக்கு ஐந்தரைக் கிலோ ஆகிறது. மாதத்துக்கு 165 கிலோ. ஐம்பது கிலோ மூட்டை 1,400 ரூபாய் என்றால் 4,620. பசும்புல் சொந்த வரப்பில் கிடைத்தாலும் வைக்கோல், ராகித்தாள் வாங்க 800, தாது உப்புக்கும் மருந்துக்கும் 400. மொத்தம் 5,820. மிச்சம் 3,900.

சில சொசைட்டிகளில் தீவன மூட்டையைக் கடனாகக் கொடுத்துப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். அங்கே இந்த மயக்கம் குறைவு. கடையில் தனியாகத் தீவனம் வாங்குபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பில் பணம் மொத்தமாகத் தெரிகிறது, தீவனக் காசு மளிகைக் காசோடு கரைந்து போகிறது.

அந்த 3,900-உம் வருஷம் முழுக்க வராது. ஈன்ற சில மாதங்களுக்குப் பிறகு பால் இறங்கும். ஆறு லிட்டராகிவிட்டால் ஊற்றுவது ஐந்து, பில் 5,400. தீவனத்தைக் குறைத்து நாளைக்கு 3.9 கிலோ போட்டாலும் மற்றதோடு சேர்த்து 4,476 ஆகும். கையில் நிற்பது சுமார் 900. அடுத்த ஈற்றுக்கு முன் இரண்டு மாதம் பால் வற்ற விட வேண்டும். அப்போது பில்லே கிடையாது, ஆனால் வயிற்றில் கன்று இருக்கிறது, மூன்று கிலோ தீவனமாவது போட்டாக வேண்டும். மாதம் 3,720 கையை விட்டுப் போகும்.

ஐந்து மாதம் 3,900 வீதம், ஐந்து மாதம் 900 வீதம், இரண்டு மாதம் 3,720 கழித்தல் என்று போட்டால் வருஷத்துக்கு 16,560 ரூபாய். மாதத்துக்கு 1,380. முதல் மாதம் பார்த்த 9,720 எங்கே, இது எங்கே! வீட்டில் பால் வாங்கும் செலவு மிச்சமாகிறது, சாணி இருக்கிறது, கன்று இருக்கிறது என்பதும் உண்மைதான். அதற்காக மாடு வீண் என்று சொல்லவில்லை. 1,380-ஐ நம்பிச் செய்ய வேண்டிய முடிவை 9,720-ஐ நம்பிச் செய்தால்தான் சிக்கல்.

அதனால் கூடுதல் பணம் முதலில் போக வேண்டிய இடம் கடனும் அல்ல, சேமிப்பும் அல்ல. மாட்டின் பால் வற்றும் இரண்டு மாதத்துக்கான தீவனம்தான். நல்ல ஐந்து மாதங்களில் மாதம் 1,500 எடுத்து வைத்தால் 7,500 சேரும், தேவை 7,440. பால் பணம் எந்தக் கணக்கில் விழுகிறதோ அதிலேயே அதை விட்டுவிடுங்கள், வீட்டுச் செலவுக்கு எடுக்கும் கணக்கு வேறாக இருக்கட்டும். இதை ஒதுக்காதவர்கள் செய்யும் காரியம் தெரிந்ததுதான்: வற்றிய மாட்டுக்குத் தீவனத்தை நிறுத்தி வெறும் தாளைப் போடுவது. கன்று மெலிந்து பிறக்கும், அடுத்த ஈற்றில் பாலும் ஏறாது. பங்குனி, சித்திரையில் இங்கே பச்சை கருகிக் கிடக்கும்போது அந்த இரண்டு மாதம் வந்துவிட்டால் செலவு இன்னும் கூடும்.

ஒதுக்கியது போக நல்ல மாதங்களில் மீதி 2,400. இதில் முதல் இரண்டு மாதப் பணத்தை, ஏறக்குறைய ஐயாயிரத்தை, மருத்துவத்துக்கு வையுங்கள். மடிநோய் வந்தால் ஊசி மருந்துச் செலவு ஒரு பக்கம், மருந்து கொடுக்கும் நாள்களிலும் அதற்கு அப்புறம் மருத்துவர் சொல்லும் நாள்களிலும் பாலை ஊற்றக் கூடாது என்பது இன்னொரு பக்கம். கறக்கும்போது முதல் பீய்ச்சில் திப்பி திப்பியாக வந்தாலோ, ஒரு காம்பு மட்டும் சூடாகக் கல்லாக இருந்தாலோ அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். கையில் காசு இல்லை என்று இரண்டு நாள் தள்ளினால் அந்தக் காம்பே போய்விடலாம். மானியத்தோடு கால்நடைக் காப்பீடு எப்போது போடுகிறார்கள் என்று அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது. காதில் அடையாள வில்லை இல்லாத மாட்டுக்கு அது கிடைக்காது.

அப்புறம்தான் கடன். இங்கே நடக்கும் தவறு, யார் அதிகம் நச்சரிக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டுவது. நம் எடுத்துக்காட்டு வீட்டில் மூன்று கடன். பக்கத்து ஊர்க்காரரிடம் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு 20,000. வாரா வாரம் கட்டும் குழுக்கடன், வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 24 சதவீதத்தை ஒட்டி இருக்கும். வங்கியில் ஒரு சங்கிலி மேல் 40,000, ஆண்டுக்கு 10 சதவீதம் போல.

மூன்று வட்டி என்றால் மாதம் 600, வருஷத்துக்கு 7,200. அதாவது 36 சதவீதம். காதில் 'மூணு' என்று சின்னதாக விழுவதால் அது குழுக்கடனை விடக் குறைவு என்றே பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் எல்லாவற்றையும் விடக் கனமானது அதுதான். அதோடு வட்டி மட்டும் கட்டிக்கொண்டே இருந்தால் அசல் ஒரு ரூபாய் கூடக் குறையாது.

சரி, மாதம் 2,400 வீதம் அதை அடைக்கலாம் என்றால், கொடுத்தவர் வாங்க மாட்டார். "அசலை மொத்தமாக் கொடும்மா, பிச்சுப் பிச்சு வாங்கி நான் என்ன பண்றது" என்பார். மாதம் 600 வந்துகொண்டிருக்கும் இடத்தை அவர் ஏன் விடுவார்? ஐயாயிரம் ஐயாயிரமாக வாங்கிக்கொண்டு வட்டியையும் அதற்கேற்பக் குறைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் அப்படியே அடைக்கலாம், ஒவ்வொரு முறையும் அவர் நோட்டில் எழுதுவதை உங்கள் நோட்டிலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழி இருக்கிறது. தங்கம் விலை ஏறியிருக்கும் காலத்தில், பழைய விலையில் அடகு வைத்த சங்கிலிக்கு அதே வங்கியில் திருப்பி வைத்துக் கூடுதலாகப் பணம் கிடைக்கலாம். அப்படி 20,000 எடுத்து மூன்று வட்டிக் கடனை ஒரே நாளில் முடித்துவிட்டால், வருஷத்துக்கு 7,200 கொடுத்த இடத்தில் 2,000 மட்டும் போகும். மிச்சம் 5,200. மாடு வருஷம் முழுக்கத் தருவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஒரு லிட்டர் கூடக் கறக்காமல். பத்திரம், வெற்று செக் ஏதாவது கொடுத்திருந்தால் பணம் எண்ணிக் கொடுக்கும்போதே திருப்பி வாங்குங்கள். நாளைக்குத் தருகிறேன் என்பதை ஏற்க வேண்டாம்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. கடன் வெளியாளிடமிருந்து நகை மேல் ஏறிவிட்டது, இப்போது 60,000. பால் பணம் இனி வங்கிக்குத்தான் போக வேண்டும். அசலில் பகுதியாகக் கட்ட வங்கியில் பொதுவாகத் தடை இருக்காது. கட்டியதும் ரசீதில் அசல் நிலுவை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், சேர்ந்த வட்டிக்கு எடுத்தது போகத்தான் அசலுக்குப் போகும். முதல் வருஷம் நல்ல மாதங்களில் மீதியுள்ள மூன்று மாதப் பணம், இறங்கு மாதங்களின் 900, முன்பு வட்டிக்குப் போன 600 எல்லாவற்றையும் அங்கே திருப்புங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போனால் ஐந்து வருஷம் கழித்தும் சங்கிலி வங்கியில்தான் இருக்கும்.

குழுக்கடனைத் தவணைப்படி ஓட விடலாம். முன்கூட்டியே முடித்தால் அபராதம் கிடையாது, ரிசர்வ் வங்கியின் 2022 விதி அது. ஆனால் மூன்று வட்டி இருக்கும்வரை அதை அவசரப்பட்டு அடைக்கக் காரணமில்லை. குழுக்கடனில் வரும் தவறு வேறு மாதிரி. அதே விதிப்படி ஒரு குடும்பத்தின் மாதக் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. குழுக் கூட்டம் நடக்கும் சென்டருக்கு வரும் அலுவலர் வருமானம் கேட்கும்போது சம்பளம் 17,000, பால் 9,720 என்று சொல்லிவிட்டால் காகிதத்தில் 26,720 ஆகிவிடும், அதில் பாதி என்று தவணை எல்லையும் ஏறிவிடும். உண்மையில் மாடு சேர்த்தது 1,380. அவர் கேட்காவிட்டாலும் தீவனம் போகத்தான் சொல்ல வேண்டும்.

சீட்டும் இப்படித்தான். "மாடு வந்திருச்சு, மாசம் ரெண்டாயிரம் சீட்டுல போடு அண்ணி" என்று யாராவது சொல்வார்கள். இருபது மாதச் சீட்டுக்கு இருபது மாதமும் இரண்டாயிரம் வேண்டும், மாடு அவ்வளவு தருவது ஐந்து மாதம்தான். ஆறாம் மாதம் சீட்டுக் காசுக்கு மறுபடி மூன்று வட்டி வாங்கும் வீடுகள் உண்டு. பதிவு செய்யாத சீட்டு என்றால் ஆள் ஓடினால் பணம் போச்சு என்பது தனி. 36 சதவீதக் கடன் நிற்கும்போது எந்தச் சீட்டுக் கழிவும் அதற்கு ஈடாகாது.

இந்தக் கணக்கு முழுவதும் மாடு சரியான நேரத்தில் சினை பிடிப்பதைப் பொறுத்தது. ஈன்று இரண்டு மாதம் கழித்து வரும் பருவத்தில் சினை ஊசி போட்டு மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டால்தான் வருஷத்துக்கு ஒரு ஈற்று கிடைக்கும். ஒரு பருவம் தவறினால் அடுத்தது 21 நாள் கழித்து. அந்த மூன்று வாரமும் பால் குறைந்துபோன கடைசியில்தான் கூடும், நல்ல மாதத்தில் கூடாது. கத்துவது, கண்ணாடி போல் சளி ஒழுகுவது, மற்ற மாட்டின் மேல் ஏறுவது என்று அறிகுறி தெரிந்த நாளைக் காலண்டரில் குறித்து வைக்கவும். இரண்டு மூன்று பருவம் ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், சந்தைக்கு ஓட்டிவிடுவது அதற்குப் பிறகு.

இரண்டாவது மாடு வாங்கலாமா என்ற கேள்வி முதல் மாடு பத்து லிட்டர் கறக்கும் மாதத்தில்தான் எழும். அந்த மாதத்தில் முடிவெடுக்காதீர்கள். ஒரு முறை பால் வற்றி, சேர்த்து வைத்த 7,500-இலேயே சமாளித்து, மறுபடி ஈன்ற பிறகு யோசிக்கலாம். அப்போதும் ஒன்று வற்றும் காலத்தில் மற்றது கறவையில் இருக்கும்படி ஈற்று மாறி வருகிற மாடாகப் பார்க்க வேண்டும், பசும்புல் இரண்டுக்கும் வரப்பில் போதுமா என்றும் பார்க்க வேண்டும். புல்லையும் விலைக்கு வாங்கி, மாட்டையும் கடனில் வாங்கினால் மேலே போட்ட கணக்கில் 3,900 நின்ற இடத்தில் எதுவும் நிற்காது.