பெண் பார்க்கும் முதல் சந்திப்பை ஏற்பாடு செய்யும் முறை

ஜாதகம் பொருந்தி, புகைப்படங்களும் கைமாறி, "நேரில் பார்த்துவிடலாம்" என்று இரு வீட்டாரும் சொல்லிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெண் வீடு தஞ்சாவூர், மாப்பிள்ளை வீடு திருச்சி.

முதல் வேலை, வீட்டுக்கு ஒருவரைப் பேசுவதற்கென்று முடிவு செய்வது. பெண்ணின் தந்தை ஒரு நேரத்தையும் சித்தப்பா வேறொரு நேரத்தையும் சொன்னால் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். தரகர் இருந்தாலும், நாளையும் நேரத்தையும் இந்த இருவரும் நேரடியாகப் பேசி உறுதி செய்துகொள்வதே நல்லது.

அடுத்து இடம். முதல் சந்திப்புக்குப் பெண் வீட்டைவிட, இரு வீட்டாருக்கும் பொதுவான ஒரு கோயில் பொருத்தமானது என்பது என் கருத்து. பிடிக்காமல் போனாலும், தெருவே பார்க்க ஒரு குடும்பம் வந்து போனது என்ற பேச்சு பெண்ணுக்கு மிஞ்சாது. கூட்டம் அலைமோதும் பெரிய கோயிலைத் தவிர்த்து, உட்கார்ந்து பேச மண்டபம் உள்ள சிறிய கோயிலைத் தேர்ந்தெடுங்கள். கோயில் என்றால், அந்த நாள் மகளுக்குத் தோதானதா என்பதைத் தாய் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இதைக் கேட்க மறந்து, முந்தைய நாள் இரவில் காரணம் சொல்ல முடியாமல் தவிக்கும் வீடுகள் உண்டு.

நேரம் குறிக்க நாட்காட்டியைப் பாருங்கள். ஆடியும் மார்கழியும் பலருக்கு ஆகாது. அஷ்டமி, நவமி, கரிநாள் ஆகியவற்றையும் தவிர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பகல் 12 முதல் 1.30 வரை எமகண்டம், மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். பெரும்பாலான கோயில்களில் நண்பகலை ஒட்டி நடையும் சாத்திவிடுவார்கள். ஆகவே காலை 10.30 மணிக்குச் சந்தித்து 11.45க்குள் பேச்சை முடிப்பது சரியாக இருக்கும். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குச் சாலையில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம் என்பதால், மாப்பிள்ளை வீட்டார் 8.30க்கே புறப்பட வேண்டும்.

பெரும்பாலும் சிக்கல் வருவது ஆள் எண்ணிக்கையில்தான். மாப்பிள்ளை, பெற்றோர், அக்கா, தாய்மாமன் என ஐந்து பேர் போதும். மூன்று பேராகப் போவதைப் பலர் விரும்புவதில்லை. பெண் வீட்டிலும் அதே அளவில் நிற்கட்டும். "நீங்கள் எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேட்பதில் தவறில்லை, "நாங்கள் ஐந்து பேர் வருகிறோம்" என்று முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் கேள்வி உறுத்தாது. மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்றால் பெற்றோர் மட்டும் வருவதைவிட நாளையே மாற்றிக்கொள்ளுங்கள்.

சந்திப்புக்கு முந்தைய நாள் மாலை, நாள், நேரம், கோயிலின் எந்த வாசல், யார் யார் வருகிறார்கள் என்பதை ஒரே வாட்ஸ்அப் செய்தியாக அனுப்பி, பதில் வந்ததா என்று பாருங்கள். தாம்பூலத் தட்டு இந்தச் சந்திப்புக்கு வேண்டாம். தட்டைக் கண்டாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். விடைபெறும்போது, எந்த நாளுக்குள் யார் யாரை அழைத்துப் பதில் சொல்வது என்பதையும் பேசிவிட்டுப் பிரியுங்கள்.