பா வைத்தால் மட்டும் போதாது: மாண்டரின் வாக்கியத்தில் வினையை வெறுமையாக விடும் தவறு

மாண்டரின் கற்கத் தொடங்கிய நாள்களில் நான் குவாங்சோவில் ஒரு சீனப் பெண்ணுடன் வீட்டைப் பகிர்ந்துகொண்டிருந்தேன். சந்தையில் தொட்டியிலிருந்து உயிருடன் பிடித்துத் தந்த மீனை வாங்கிவந்து குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, மீன் எங்கே என்று அவர் கேட்டார். புதிதாகக் கற்ற இலக்கணத்தைக் காட்டும் ஆசையில், "வோ பா யூ ஃபாங் லெ" என்றேன். "மீனை வைத்துவிட்டேன்" என்று சொல்வதாக என் நினைப்பு. அவர் காதில் விழுந்ததோ "மீனை விட்டுவிட்டேன்" என்பது. புண்ணியத்துக்காக மீனையும் பறவையையும் வாங்கி விடுவிக்கும் பௌத்த வழக்கம் சீனாவில் உண்டு என்பதால் அவர் அதை நம்பவும் செய்தார்; எந்த ஆற்றில் விட்டாய் என்று மட்டும் கேட்டார்.

இப்போது நான் தமிழர்களுக்கு மாண்டரின் கற்பிக்கிறேன். ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது ஒருவர் அந்த மீனை மறுபடியும் ஆற்றில் விடுகிறார். தொனி பிழைப்பதையும் அளவைச்சொல்லை மறப்பதையும் இங்கே பேசப்போவதில்லை. அவை நாள்பட நாள்பட தாமாகவே சரியாகும். பா என்னும் சொல்லை வைத்துவிட்டு வினையை வெறுமையாக விடும் இந்தத் தவறு அப்படித் தானாகச் சரியாவதில்லை.

பாவை ‘ஐ’ உருபாக நினைப்பது

மாண்டரினின் வழக்கமான வரிசை எழுவாய், வினை, செயப்படுபொருள் என்பது. பா என்னும் சொல்லைப் போட்டால் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிடும். அதாவது வரிசை நம் தமிழைப் போலவே ஆகிவிடும். தமிழ் மாணவருக்கு இதைக் கண்டதும் தாய்வீடு போன மகிழ்ச்சி உண்டாகிறது. ‘புத்தகத்தை’ என்பதற்கு ‘பா ஷூ’ என்று கணக்குப் போட்டு, இரண்டாம் வேற்றுமை வருகிற இடத்திலெல்லாம் பாவை வைக்கத் தொடங்குகிறார்.

இந்த ஒப்புமையில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. "புத்தகம் படித்தேன்" என்பதற்கும் "புத்தகத்தைப் படித்தேன்" என்பதற்கும் நாம் உணரும் வேறுபாடு பாவிலும் உண்டு; பாவுக்குப் பின் வரும் பொருள் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் எதுவென்று தெரிந்த பொருளாக இருக்க வேண்டும். ஆனால் ஒப்புமை அத்துடன் நின்றுவிடுகிறது. ‘ஐ’ வெறும் உருபு; அது வினையிடம் எதையும் கேட்பதில்லை. பா முற்காலத்தில் ‘கையில் பிடி’ என்னும் வினையாக இருந்த சொல். பொருளைப் பிடித்தாயே, பிடித்து என்ன செய்தாய், அது என்ன ஆயிற்று என்ற கேள்வியை அது எழுப்பிவிடுகிறது. அந்தக் கேள்விக்கு விடை வாக்கியத்திலேயே இருக்க வேண்டும்.

வினையை வெறுமையாக விடுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். "வோ பா ஷூ கான்" என்று மாணவர் எழுதுகிறார். ‘நான் புத்தகத்தைப் படிக்கிறேன்’ என்பது அவர் கருத்து. சீனருக்கு இது முடியாத வாக்கியம். படியில் இறங்கக் காலை எடுத்தவர் அந்தரத்தில் நிற்பதைப் போல இருக்கும். படிப்பதைச் சொன்னால் போதும் என்றால் பாவே வேண்டாம், "வோ கான் ஷூ" என்று வழக்கமான வரிசையில் சொல்லலாம். பா வேண்டும் என்றால் வினையின் பின்னால் விளைவைச் சொல்ல வேண்டும்: "வோ பா ஷூ கான் வான் லெ", அதாவது புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். இதில் ‘வான்’ என்பதுதான் ‘முடி’; ‘லெ’ என்பது செயல் நடந்துவிட்டதைக் காட்டும் ஒட்டு.

நம் துணைவினைகளை எண்ணிப் பார்த்தால் இது பிடிபடும். ‘படித்தேன்’ என்பதில் படித்த செயல் மட்டுமே இருக்கிறது. ‘படித்து முடித்தேன்’ என்பதில் புத்தகத்தின் கதி தெரிகிறது. பா எதிர்பார்ப்பது இந்த இரண்டாவது வகையை. அந்த இடத்தை நிரப்பக்கூடியவை பல. முடிந்தது, உடைந்தது, சுத்தமானது போன்ற விளைவு வரலாம். உள்ளே, வெளியே, இங்கே என்னும் திசை வரலாம். பொருள் போய்ச் சேர்ந்த இடமோ, அதைப் பெற்றுக்கொண்ட ஆளோ வரலாம். "பா ஜுவோட்ஸ் ட்சா யி ட்சா" (மேசையைக் கொஞ்சம் துடை) என்பதைப் போல வினையை இரட்டித்தாலும் போதும்.

இதைச் சொல்லிக்கொடுத்ததும் மாணவர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடிக்கிறார்கள். எதற்கும் ‘லெ’ ஒன்றை ஒட்டிவிட்டால் வினை வெறுமையாக இராது அல்லவா? நானும் அதைத்தான் செய்தேன். ‘லெ’ மட்டும் போதுமான வினைகள் இருப்பது உண்மை. மறத்தல், விற்றல், தொலைத்தல், குடித்தல் முதலியவற்றில் பொருள் இல்லாமல் போவது வினைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. "வோ பா சா ஹ லெ" (தேநீரைக் குடித்துவிட்டேன்) என்பதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் ‘ஃபாங்’ என்பதற்கு வைத்தல், விடுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. வைப்பது என்றால் எங்கே என்று சொல்லியாக வேண்டும். சொல்லாமல் ‘லெ’யை மட்டும் ஒட்டினால், இடம் தேவைப்படாத மற்றப் பொருள், அதாவது விடுவித்தல், முன்னே வந்து நின்றுவிடும். நான் சொல்லியிருக்க வேண்டியது "வோ பா யூ ஃபாங் ட்சாய் பிங்ஷியாங் லி லெ": மீனைப் பிடித்தேன், வைத்தேன், குளிர்பதனப் பெட்டிக்குள்ளே. ‘ட்சாய் பிங்ஷியாங் லி’ என்ற அந்த மூன்று சொற்கள்தான் மீனை ஆற்றிலிருந்து மீட்டுப் பெட்டிக்குள் கொண்டுவருகின்றன.

ஆகையால் மாணவர் எழுதியதைத் திருத்தும்போது ‘லெ’ இருக்கிறதா என்று நான் பார்ப்பதில்லை. பாவுக்குப் பின் உள்ள பொருளில் விரலை வைத்து, "கடைசியில் இது என்ன ஆயிற்று, எங்கே இருக்கிறது?" என்று கேட்கிறேன். வாக்கியத்தைப் படித்தே பதில் சொல்ல முடிந்தால் அது சரி. ரத்துசெய்தலைக் குறிக்கும் ‘ச்சூ ஷியாவ்’ போன்ற சில ஈரசை வினைகள், "கூட்டத்தை ரத்துசெய்ய விரும்புகிறேன்" என்பது போன்ற இடங்களில், ஒட்டு எதுவும் இல்லாமலே நிற்கும். அங்கும் ‘மறைதல்’ என்னும் விளைவு ‘ஷியாவ்’ என்ற இரண்டாம் அசையிலேயே இருக்கிறது.

பார்த்தல், அறிதல், விரும்புதல்: பா கிடையாது

"அவனைப் பார்த்துவிட்டேன்" என்று தமிழில் துணைவினை சேர்த்துச் சொல்லலாம் என்பதால் ஏமாற வேண்டாம். கண்ணில் பட்டதால் அவனுக்கு எதுவும் ஆகவில்லை.

‘இல்லை’யைக் கடைசியில் வைப்பது

நமக்கு மறுப்பு வினையின் இறுதியில் வரும். அங்கே அது பாவுக்கும் முன்னால் வர வேண்டும். வீட்டுப்பாடத்தைச் செய்து முடிக்கவில்லை என்பதற்கு "வோ மெய் பா ட்சுவோயெ ட்சுவோ வான்". ‘வேண்டும்’, ‘விரும்புகிறேன்’ முதலியவற்றுக்கும் அதே இடம்தான்.

‘முடியாது’ என்பதைப் பாவுடன் சேர்ப்பது

"இந்தப் புத்தகத்தைப் படித்து முடிக்க முடியாது" என்பதில் விளைவும் இருக்கிறது, தெரிந்த பொருளும் இருக்கிறது. எனவே பா பொருந்தும் என்று தோன்றும். மாணவர் "வோ பா ஜெ பென் ஷூ கான் பு வான்" என்று எழுதுவார். இது தவறு. ‘கான் பு வான்’ என்னும் வடிவம் முடிக்க இயலுமா இயலாதா என்பதைத்தான் சொல்கிறது. புத்தகத்துக்கு இன்னும் எதுவும் நேரவில்லை. பாவை எடுத்துவிட்டுப் புத்தகத்தை வாக்கியத்தின் தொடக்கத்தில் வைத்தால் சரியாகிவிடும்: "ஜெ பென் ஷூ வோ கான் பு வான்".