மேற்கு யன்னலுக்குத் திரைச்சீலை: வெயிலைக் கண்ணாடியிலேயே திருப்பி அனுப்புவது எப்படி

திருகோணமலை அன்புவழிபுரத்தில் என் தங்கையின் படுக்கையறை மேற்குப் பார்த்தது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அங்கே படுக்க முடியாது. வெளிச்சம் புகாத தடித்த துணி என்று கேட்டு, கடும் மெரூன் நிறத்தில் வாங்கித் தொங்கவிட்டாள். அறை இருண்டது, வெக்கை குறையவில்லை. நான்கு மணிக்குத் திரையின் பின்புறத்தைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் கைப்பிடி போலச் சுட்டது.

வெளிச்சத்தை மறைப்பது வேறு, வெப்பத்தைத் தடுப்பது வேறு. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து கடும் நிறத் துணியில் பட்டால் துணி அதை உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூட்டைக் கண்ணாடி எளிதில் வெளியே விடாது, அது பெரும்பாலும் அறைக்குள்தான் இறங்கும். வெள்ளைப் பரப்பில் பட்டால், வெயிலின் பெரும்பகுதி வெளிச்சமாகவே கண்ணாடி வழியாகத் திரும்பிப் போய்விடும். ஆகவே அறைப்பக்கம் எந்த நிறமும் இருக்கலாம். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும்.

முதற்படி: துணியும் லைனிங்கும்

முன்துணிக்குப் பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த, நெருக்கமாக நெய்த துணி போதும். தனிப் பருத்தி பார்க்க அழகு. ஆனால் மேற்கு வெயில் இரண்டு மூன்று வருடங்களில் அதை வெளுத்து இற்றுப்போகச் செய்துவிடும். பட்டு இந்த யன்னலுக்கு வேண்டவே வேண்டாம்.

லைனிங் வெள்ளையாக, பூச்சுப் பூசியதாக இருக்கட்டும். கடையிலேயே கைத்தொலைபேசியின் டோர்ச்சைத் துணிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். ஒளி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பூச்சு சீராக இல்லை. பிறகு ஓர் ஓரத்தை மடித்து, விரலால் அழுத்தித் தேய்த்து விரியுங்கள். மடிப்பில் வெடிப்பு விழுந்தால் நம் கடற்கரை ஈரத்தில் அது உரிந்து கொட்டும்.

லைனிங்கை முன்துணியோடு சேர்த்துத் தைக்காமல், தனியாகக் கழற்றும்படி கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள். பூச்சுத் துணியை முறுக்கிப் பிழியக் கூடாது, சூடான இஸ்திரிப்பெட்டியும் வைக்கக் கூடாது. முன்துணியை மட்டும் அடிக்கடி தோய்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: அளவு

தங்கையின் யன்னல் 5 அடி அகலம், 4 அடி உயரம். கீழ்விளிம்பு தரையிலிருந்து 3 அடி. பக்கத்துக்கு அரை அடி கூட்டிக் கம்பியை 6 அடியாக எடுத்தோம், யன்னலுக்கு மேலே அரை அடி தள்ளிப் பொருத்தினோம். மடிப்பு நன்றாக விழக் கம்பியின் இரு மடங்கு, அதாவது 12 அடி அகலத் துணி வேண்டும். துணியின் அகலம் 54 அங்குலம், அதாவது நாலரை அடி என்று வைத்துக்கொள்வோம். ஆகவே மூன்று துண்டு. கம்பியிலிருந்து தரைக்கு ஏழரை அடி, மேல் கீழ் மடிப்புக்கு ஓரடி, மொத்தம் எட்டரை அடி. மூன்று துண்டுக்கு 25½ அடி, சரியாக 8½ யார். திரை ஒவ்வொன்றுக்கும் ஒன்றரைத் துண்டு வரும். லைனிங்குக்கு இத்தனை மடிப்புத் தேவையில்லை, அதே அகலத்தில் இரண்டு துண்டு, 17 அடி போதும். பருத்தி கலந்த துணி சுருங்கும், வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள்.

மூன்றாம் படி: மேல் இடைவெளி

பலரும் தவறவிடுவது இதைத்தான். கண்ணாடிக்கும் திரைக்கும் நடுவே சூடாகும் காற்று மேலெழுந்து, திரைக்கு மேலாக அறைக்குள் வழியும், கீழேயிருந்து அறைக்காற்றை இழுத்துக்கொள்ளும். அது நிற்காமல் சுழலும் ஒரு புகைபோக்கி. கம்பிக்கு மேலே ஒரு பலகையைச் சுவரோடு ஒட்டப் பொருத்தினால் சுழற்சி அறுந்துவிடும். திரையின் வெளியோரங்கள் சுவரைத் தொட்டு நிற்கட்டும். இரும்புக் கம்பி உப்புக்காற்றில் துருவேறித் துணியில் கறை பிடிக்கும், எவர்சில்வர் வாங்குங்கள்.

பிளைண்ட்ஸ் விரும்பினால் பின்புறம் வெள்ளையான ரோலர் வகையை எடுங்கள், யன்னல் சட்டத்துக்கு உள்ளே அல்ல, சுவரின் மேல் பொருத்துங்கள். உள்ளே பொருத்தினால் இரு ஓரமும் வெயில் கீறாக விழும்.

நான்காம் படி: வெளியே ஒரு தட்டி

உள்ளே எத்தனை நல்ல திரை போட்டாலும் கண்ணாடியைத் தாண்டிய வெயிலின் ஒரு பகுதி அறையில் தங்கத்தான் செய்யும். பின்புறம் வெள்ளைப் பிளாஸ்டிக் உள்ள நடுத்தர நிறத் திரை, யன்னல் வழியே வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் சொல்கிறது. கண்ணாடிக்கு வெளியிலேயே மறித்தால் பலன் இன்னும் அதிகம். யன்னலுக்கு மேலுள்ள சிறு கூரை நண்பகல் வெயிலுக்குத்தான் உதவும், பின்னேர வெயில் சரிந்து அதன் கீழாக நுழைந்துவிடும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு மூங்கில் தட்டியோ கிடுகுத் தட்டியோ தொங்கவிடுங்கள். கச்சானில் அடிபடாமல் கீழ்முனையைக் கயிற்றால் கட்டிவையுங்கள்.

தங்கையின் மெரூன் திரையை நாங்கள் எறியவில்லை. தனிக் கம்பியில் வெள்ளை லைனிங்கைக் கண்ணாடிப்பக்கம் தொங்கவிட்டோம், பலகையும் தட்டியும் பொருத்தினோம். இப்போது நண்பகலில் யன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிடுகிறாள், பொழுது சாய்ந்து வெளிக்காற்று ஆறியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறாள். நான்கு மணிக்குத் திரையில் கை வைத்தால் இளஞ்சூடுதான். இன்னும் சுடுவது மேற்குச் சுவர். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது இரவு ஒன்பது மணி வரை விடுகிறது, அதைத் திரைச்சீலையால் தடுக்க முடியாது. கட்டிலை அந்தச் சுவரிலிருந்து மூன்றடி நகர்த்திப் போட்டிருக்கிறாள்.