ஆசாரியின் கூடுதல் வேலைக்குப் பணம் கேட்டு வழக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் முன்சீப் கோர்ட்டில் ஜூனியர்கள் தாக்கல் செய்யும் பிராதுகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். மர வேலை செய்த ஆசாரிக்கு வரவேண்டிய பணம் பற்றிய வழக்கு என்றால் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் எழுதிய அதே பிராதுதான். கட்டண முத்திரை ஒட்டாதது, கணக்கைக் கூட்டத் தவறியது போன்றவற்றைச் சிரஸ்தாரே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேசாத விலையைப் பேசியதாக எழுதுவது

இரண்டு படுக்கையறை அலமாரிகளுக்குச் சதுர அடிக் கணக்கில் எழுத்துமூலம் கொட்டேஷன். வேலை நடக்கும்போதே வீட்டுக்காரம்மா, "ஆசாரி, லாஃப்டுக்கும் கதவு போட்டுடுங்க, பூஜை ரூமுக்குத் தேக்குல ஒரு ரெட்டைக் கதவு பண்ணிடுங்க" என்கிறார். விலை பேசவில்லை. "முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்" என்றதோடு சரி. வேலை முடிந்தது, ஆசாரி 1,80,000 ரூபாய் கேட்டார், வீட்டுக்காரர் கொட்டேஷன் தொகையைத் தவிர ஒரு ரூபாய்கூடத் தரமுடியாது என்றுவிட்டார்.

ஜூனியர் எழுதிய பிராதில், கூடுதல் வேலைக்கு 1,80,000 ரூபாய் தருவதாகப் பிரதிவாதி வாய்மொழியாக ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான்: தொகை எப்போது, யார் முன்னால் பேசப்பட்டது? கூண்டில் நின்ற ஆசாரி உண்மையைச் சொன்னார்: "தொகை ஒண்ணும் பேசலைங்கய்யா, முடிச்சுட்டுப் பாத்துக்கலாம்னாங்க." வாய்மொழி ஒப்பந்தம் நிரூபிக்கப்படவில்லை என்று வழக்கு தள்ளுபடி ஆனது. லாஃப்டுக் கதவும் பூஜை ரூம் கதவும் அந்த வீட்டில் இன்றைக்கும் திறந்து மூடிக்கொண்டுதான் இருக்கின்றன. வேலை வாங்கிய உண்மையை யாருமே மறுக்காத ஒரு வழக்கில், எழுதியவரின் அவசரத்தால் ஆசாரிக்கு ஒன்றும் கிடைக்காமல் போனது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது.

அந்த ஆசாரிக்குத் தேவைப்பட்டது 'குவாண்டம் மெருயிட்', அதாவது விலை பேசாமல் செய்த வேலைக்கு நியாயமான கூலி. நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தாலே அந்த உரிமை வந்திருக்கும்: கேட்டார்கள், செய்தேன், விலை பேசவில்லை, இலவசமாகச் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை, அவர்கள் அனுபவித்து வருகிறார்கள். வேலையைக் கேட்டு வாங்கியதால் நியாயமான விலை தருவதாக மறைமுக வாக்குறுதி உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் பிரிவு 9 அதற்கு இடம் தருகிறது. ஒப்பந்தமே இல்லை என்று நீதிமன்றம் கருதினால் மாற்றாகப் பிரிவு 70 இருக்கிறது. இரண்டையும் மாற்றுப் பரிகாரமாகக் கேட்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 7 விதி 7 அனுமதிக்கிறது. பிரிவு எண்ணை எழுத மறந்தால்கூடச் சமாளிக்கலாம். அந்த உண்மைகள் பிராதில் இல்லாவிட்டால், சாட்சியத்தில் வந்தும் பயனில்லை.

பிரிவு 70-க்கு மூன்று விஷயம் வேண்டும். வேலை சட்டப்படி செய்ததாக இருக்க வேண்டும், இலவசமாகச் செய்யும் நோக்கம் இருந்திருக்கக் கூடாது, மற்றவர் அதன் பயனை அனுபவித்திருக்க வேண்டும். இதை விரிவாகப் பேசியது பி.கே. மண்டல் வழக்கு (1962). அதிகாரிகள் கேட்டதால் வங்காள அரசுக்குக் கட்டடங்கள் கட்டிக்கொடுத்த நிறுவனம் அது. சட்டம் கேட்ட முறைப்படி ஒப்பந்தம் எழுதப்படவில்லை. ஆனாலும் பணம் தரவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஏற்கவோ மறுக்கவோ மற்றவருக்கு வாய்ப்பு இருந்திருக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உண்டு. சுவரில் அடித்த கதவைத் திருப்பித் தர முடியாது. எனவே வேலை நடந்தபோது வீட்டுக்காரர் தினமும் வந்து பார்த்தார், கைப்பிடி நிறத்தை அவரே தேர்ந்தெடுத்தார் என்பன போன்ற விவரங்களே உங்கள் பலம்.

மொத்தத் தொகையைக் குத்துமதிப்பாகக் கேட்பது

1,80,000 எப்படி வந்தது என்று அந்த ஆசாரியிடம் பிறகு கேட்டேன். அலமாரி ரேட்டையே எல்லாவற்றுக்கும் போட்டு, கோபத்தில் கொஞ்சம் சேர்த்திருந்தார். அலமாரி ரேட்டில் பெட்டி, தட்டு, பின்பலகை எல்லாம் அடக்கம். லாஃப்டுக்குக் கதவும் சட்டமும்தான்.

அளந்து போட்டால் கணக்கு இப்படி வரும். லாஃப்டு 44 சதுர அடி. கதவு மட்டும் போடும் உள்ளூர் ரேட் 750 ரூபாய் என்றால் 33,000. பூஜை ரூம் கதவுக்கு 3 கன அடி தேக்கு, பில்படி 13,500. கீல், பூட்டு, பாலிஷ் 4,500. ஆசாரி 6 நாள் 1,300 வீதம் 7,800. உதவியாள் 6 நாள் 800 வீதம் 4,800. பூஜை ரூம் கதவுக்கு மட்டும் கூட்டினால் 30,600. மத்திய பொதுப்பணித் துறை தன் விலைப் பகுப்பாய்வில் ஒப்பந்தக்காரரின் லாபத்துக்கும் மேற்செலவுக்கும் 15 சதவீதம் சேர்க்கிறது. அதைப் பின்பற்றினால் 35,190. லாஃப்டையும் சேர்த்து ஆக மொத்தம் 68,190 ரூபாய்.

கேட்டதில் பாதிகூட இல்லை, உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பில்லோ ஒரு சாட்சியோ காட்டலாம். உள்ளூர் ரேட்டை நிரூபிக்க அதே ஊரில் வேலை செய்யும் வேறொரு ஆசாரியைச் சாட்சியாக விசாரியுங்கள். வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த பொருள் இருந்தால் நீங்களே முதலில் கழித்துக் காட்டுங்கள். எதிர்த்தரப்பு அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் மொத்தக் கணக்கின்மீதும் சந்தேகம் விழும்.

அளவில் தகராறு வந்தால் கட்டளை 26 விதி 9-ன்கீழ் அட்வகேட் கமிஷனரை நியமிக்க ஆரம்பத்திலேயே மனு போடுங்கள். வீட்டை விற்றுவிட்டாலோ கதவைக் கழற்றி வேறு மாட்டிவிட்டாலோ அளக்க எதுவும் மிஞ்சாது.

கொட்டேஷனைப் படிக்காமல் 'கூடுதல்' என்பது

"லாஃப்டு உட்பட" என்று ஒரு சொல் கொட்டேஷனில் இருந்தால் 33,000 ரூபாய் போயிற்று. ஒப்பந்தத்துக்குள் வரும் வேலைக்கு ஒப்பந்த விலைதான், நியாய விலை கிடையாது. வரைபடம் இணைத்திருந்தால் அதையும் பாருங்கள்.

மர விலை ஏறிவிட்டது என்று கூடுதல் கேட்பது

கிடைக்காது. ராணுவத்துக்கு நெய் வாங்கிக் கொடுத்த முகவர்கள் இப்படிக் கேட்டதை உச்ச நீதிமன்றம் 1960-லேயே அலோபி பர்ஷாத் வழக்கில் மறுத்துவிட்டது.

கேட்காமலே உயர்ந்த பொருளைப் போடுவது

சாதாரணக் கீல் போதும் என்ற இடத்தில் ஆசாரி தானாகவே மெதுவாக மூடும் கீலைப் போட்டுவிட்டு வித்தியாசத்தைக் கேட்பது உண்டு. வீட்டுக்காரருக்கு மறுக்கும் வாய்ப்பே தரப்படவில்லை. இந்தத் தொகையைப் பிராதில் சேர்த்து நல்ல கோரிக்கையையும் பலவீனமாக்காதீர்கள்.

வாட்ஸ்அப் செய்தியைச் சான்றிதழ் இல்லாமல் தாக்கல் செய்வது

பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63. சான்றிதழோடு கொடுங்கள்.

காலக்கெடுவை நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணுவது

பணம் தர நாள் குறிக்கவில்லை என்றால், கேட்டுச் செய்த வேலைக்குக் காலவரையறைச் சட்டம் 1963-ன் அட்டவணையில் உள்ள ஆர்ட்டிகிள் 18 தரும் கெடு 3 ஆண்டு. வேலை முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். ஆசாரிகளுக்குத் தேதி நினைவிருக்காது. கடைசியாக வாங்கிய பாலிஷ் பில்லையும் உதவியாளின் சம்பள நோட்டையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.