நேர்கோடா, இருபடியா, முப்படியா? தண்ணீர்த் தொட்டியை வைத்து ஒரு செய்முறை

மதுரையில் ஒரு வீட்டு மொட்டைமாடியில் 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க். கழுவுவதற்காக, அடியிலுள்ள குழாயைத் திறந்துவிடுகிறோம். தொட்டி காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று முதல் ஒரு மணி நேர அளவுகளை வைத்தே சொல்ல வேண்டும், கழுவ வருபவரை அதற்கேற்ப வரச் சொல்லலாம்.

இந்த எடுத்துக்காட்டுக்கு ஒரு வசதி உண்டு. செங்குத்துச் சுவருள்ள தொட்டி அடித்துளை வழியாக வடியும்போது நீர்மட்டம் எப்படி இறங்கும் என்பதை 17-ஆம் நூற்றாண்டிலேயே டாரிசெல்லி விதி சொல்லிவிட்டது. அளவுகளுக்கு நேர்கோடு, இருபடி, முப்படி என்று மூன்று மாதிரிகளைப் பொருத்தி, எது சரியாகக் கணித்தது என்று கடைசியில் சரிபார்க்கலாம். கீழே உள்ள எண்கள் அந்த விதியின்படி அமைத்து, டேப்பில் அளக்கும்போது வரக்கூடிய 1 செ.மீ. வரையிலான பிழையை வேண்டுமென்றே சேர்த்தவை.

| நிமிடம் | 0 | 10 | 20 | 30 | 40 | 50 | 60 |
|---|---|---|---|---|---|---|---|
| நீர்மட்டம் (செ.மீ.) | 100 | 80 | 65 | 49 | 35 | 25 | 17 |

மட்டத்தைக் குழாய் வாயின் நடுவிலிருந்து அளக்க வேண்டும், தொட்டியின் தரையிலிருந்து அல்ல.

முதல் படி: நேர்கோட்டைப் போட்டு மிச்சத்தைப் பாருங்கள்

ஏழு புள்ளிகளுக்கும் நேர்கோடு பொருத்தினால், பொருத்தம் எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் R² 0.982 வருகிறது, 1 வந்தால் முழுப் பொருத்தம். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே திருப்திப்பட்டு நின்றுவிடுவார்கள். அதே கோட்டை 70-வது நிமிடத்துக்கு நீட்டிப் பாருங்கள்: நீர்மட்டம் மைனஸ் 2.6 செ.மீ. என்கிறது!

R² காட்டாததை மிச்சங்கள் காட்டும். அளந்த மட்டத்திலிருந்து கோடு சொல்லும் மட்டத்தைக் கழித்தால் வரிசையாக +5.3, −0.8, −1.9, −4.0, −4.1, −0.2, +5.7. இரு முனையிலும் கூட்டல், நடுவில் எல்லாம் கழித்தல். டேப் பிழை என்றால் கூட்டலும் கழித்தலும் ஒழுங்கில்லாமல் கலந்து வந்திருக்கும், 1 செ.மீ. அளவில் அடங்கியும் இருக்கும். இப்படி வில்லாக வளைந்து நிற்கும் மிச்சம், தரவில் உண்மையிலேயே ஒரு வளைவு இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆக, நேர்கோடு போதாது.

இரண்டாம் படி: கடைசி இரண்டு அளவுகளை மறைத்து வையுங்கள்

இருபடியா, முப்படியா என்பதைப் பொருத்தத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. படியைக் கூட்டக் கூட்டப் பிழைகளின் வர்க்கக் கூடுதல் குறையுமே தவிர ஒருபோதும் கூடாது. முப்படிக்குள் இருபடி அடக்கம், முப்படிக் கெழுவைச் சுழியமாக வைத்தால் இருபடி வந்துவிடுகிறது. அதனால் பொருத்தத்தில் முப்படி தோற்கவே வழியில்லை.

ஆகவே 40-வது நிமிடம் வரையிலான ஐந்து புள்ளிகளை மட்டும் கொடுத்து, 50, 60-ஐக் கணிக்கச் சொல்லுங்கள். நேரத்தைப் பத்து நிமிட அலகில் வைத்தால் கெழுக்கள் கையாளத் தோதாக இருக்கும், அதுதான் கீழே x, நீர்மட்டம் h.

```python
import numpy as np
x = np.arange(7)
h = np.array([100, 80, 65, 49, 35, 25, 17])
for d in (1, 2, 3):
    p = np.polyfit(x[:5], h[:5], d)
    print(d, np.polyval(p, x[5:]).round(1))
```

உண்மையில் அளந்தது 25, 17. நேர்கோடு 17.5, 1.4 என்கிறது. இருபடி 23.0, 12.4. முப்படியோ 18.8, −0.2!

அந்த ஐந்து புள்ளிகளில் மட்டும் பார்த்தால், பிழை வர்க்கக் கூடுதல் நேர்கோட்டுக்கு 10.7, இருபடிக்கு 2.1, முப்படிக்கு 1.2. கொடுத்த புள்ளிகளோடு மிக நெருக்கமாகப் போன மாதிரிதான், மறைத்து வைத்த 60-வது நிமிடத்தில் நேர்கோட்டைவிடவும் மோசமாகத் தவறியது.

மறைப்பதற்குப் புள்ளிகளை நடுவிலிருந்து பொறுக்கி எடுக்காதீர்கள். நமக்கு வேண்டியது எதிர்காலக் கணிப்பு. நடுப்புள்ளிக்கு இரு பக்கமும் தாங்கல் இருப்பதால் அங்கே முப்படியும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும்.

ஏன் இப்படி ஆகிறது

கூடுதலாகக் கிடைத்த ஒரு கெழுவுக்குத் தரவில் வேலை இல்லை. வளைவை இருபடிக் கெழு ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. மீதமிருப்பது டேப் பிழை மட்டும்தான், முப்படிக் கெழு அதைப் பிடித்துக்கொள்கிறது. தரவின் எல்லைக்குள் அதன் விளைவு சில மில்லிமீட்டர்தான். வெளியே போனதும் அந்தச் சிறு பிழை நேரத்தின் முப்படியால் பெருக்கப்படுகிறது.

எவ்வளவு பெருகும் என்பதைக் கணக்கிடவே முடியும். ஏழு புள்ளிகளையும் பயன்படுத்தி 90-வது நிமிடத்தைக் கணிக்கிறோம், ஒவ்வோர் அளவிலும் திட்டவிலக்கம் 1 செ.மீ. உள்ள தற்செயல் பிழை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது கணிப்பில் நேர்கோட்டுக்கு 1.2 செ.மீ. ஆகவும், இருபடிக்கு 3.7 ஆகவும், முப்படிக்கு 12.4 ஆகவும் மாறுகிறது. நேர்கோடு ஆடாது, ஆனால் வடிவமே தவறு. முப்படியில் வடிவத்துக்குக் குறையில்லை, ஆனால் ஆட்டம் தாங்காது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது: கெழுவின் குறியைக் கவனியுங்கள். ஐந்து புள்ளிகளில் முப்படிக் கெழு −0.25. ஏழு புள்ளிகளையும் கொடுத்தால் +0.056. இரண்டு அளவு சேர்ந்ததும் குறியே மாறிவிடுகிறது. இருபடி மாதிரியின் வர்க்கக் கெழுவோ 0.79-இலிருந்து 1.06 ஆகிறது, குறி அப்படியே நிற்கிறது. புதுத் தரவு வரும்போது குறி மாறும் கெழுவை நம்பிக் கணிக்கக் கூடாது.

மூன்றாம் படி: தேர்ந்த மாதிரியை எல்லாப் புள்ளிகளுக்கும் பொருத்துங்கள்

இருபடியைத் தேர்ந்தாயிற்று. இனி எதையும் மறைக்க வேண்டியதில்லை.

h = 99.98 − 20.25x + 1.06x²

எழுதிக் காட்டத்தான் இந்தச் சுருக்கம், கணிப்புக்கு முழு இலக்கங்களையும் பயன்படுத்துங்கள். விரிதாளின் வரைபடத்தில் தெரியும் சமன்பாட்டை அப்படியே நகலெடுத்துக் கணித்துவிட்டு, விடை ஏன் தவறுகிறது என்று தேடுவது அடிக்கடி நடக்கும் கூத்து.

90-வது நிமிடத்துக்கு இது 3.5 செ.மீ. என்கிறது, பிழை சேர்க்காத விதிப்படி விடை 1 செ.மீ. ஏழு புள்ளிகளையும் வாங்கிய முப்படி 13.2 என்கிறது.

இருபடிக்கும் எல்லை உண்டு. 96-வது நிமிடம் அளவில் இந்த வளைவு 3.2 செ.மீ.யில் தொட்டுவிட்டு மேலே திரும்புகிறது. அதன்பின் தொட்டி தானாக நிரம்பும் என்கிறது கணக்கு! காலியாகும் நேரத்தை இதிலிருந்து எடுக்க முடியாது.

முப்படி எப்போது சரி?

வடிவத்துக்குக் காரணம் இருக்கும்போது. வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. மட்டம் ஏறும்போது நீர் மேலே மட்டும் போவதில்லை, பள்ளத்தாக்கில் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பரவுகிறது. அதனால் இப்படிப்பட்ட நீர்த்தேக்கத்தில் மட்டத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவில் முப்படி உறுப்பு இருக்க நியாயமுண்டு. சுவர் செங்குத்தான தொட்டியில் அப்படி ஒன்றும் இல்லை.

படியைக் கூட்டாமல் ஒரு வழி

டாரிசெல்லி விதிப்படி வெளியேறும் வேகம் மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் வர்க்கமூலம் நேரத்தோடு நேர்கோட்டில் இறங்கும். மட்டங்களின் வர்க்கமூலத்தை எடுத்து அதற்கு வெறும் நேர்கோடு பொருத்துங்கள்:

```python
m, c = np.polyfit(x, np.sqrt(h), 1)
print(-c / m * 10)
```

விடை ஏறக்குறைய 101 நிமிடம். விதிப்படி 100. இரண்டே கெழுக்கள்தான், 90-வது நிமிடத்துக்கும் 1.2 செ.மீ. என்று கிட்டத்தட்டச் சரியாகச் சொல்கிறது. நிஜத் தொட்டியில் மட்டம் குழாய் வாய்க்கு இறங்கியதும் காற்றும் சேர்ந்து இழுபடும், அங்கே இந்த விதியும் பிசகும். கழுவ வருபவருக்குச் சொல்லும்போது மேலே பத்து நிமிடம் சேர்த்தே சொல்லுங்கள்.