வேலை நேரம் எங்கே ஒழுகுகிறது? வகை போட்டுப் பதிவு செய்து பார்ப்போம்

பாளையங்கோட்டையில் நாலு பேர் சேர்ந்து விளம்பர டிசைன் வேலை செய்யும் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் நாள் முழுக்க வேலை பார்க்கிறார்கள், ஆனால் மாசக் கடைசியில் கையில் நிற்பது குறைவு. நேரத்தைக் குறித்துவைத்தாலும், "இன்று ஜவுளிக்கடை வேலை, 6 மணி நேரம்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. அந்த 6 மணியில் என்ன நடந்தது என்பதுதான் வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் `பதிவு` என்று ஒரு தாள் திறந்து, A முதல் F வரை இப்படித் தலைப்பு கொடுங்கள்: தேதி, ஆள், கஸ்டமர், வகை, நிமிடம், குறிப்பு. நேரத்தை மணியில் எழுதச் சொல்லாதீர்கள். ஒன்றரை மணி நேரத்தை ஒருவர் 1.5 என்பார், இன்னொருவர் 1.30 என்பார், கூட்டல் தப்பாகிவிடும். 90 என்று நிமிடத்தில் எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை.

அடுத்து வகைகள். புதிதாகத் தொடங்குபவர்கள் "லோகோ", "பிளெக்ஸ்", "கல்யாணப் பத்திரிகை" என்று பொருளின் பெயரையே வகையாக வைத்துவிடுவார்கள். அதில் ஒழுகல் தெரியாது. வகை என்பது கை என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். இந்த ஏழு போதும்: வடிவமைப்பு, விவரம் சேகரிப்பு, கஸ்டமர் பேச்சு, கஸ்டமர் திருத்தம், நம்ம திருத்தம், அலுவலக வேலை, இதர.

திருத்தத்தை இரண்டாகப் பிரித்திருப்பதுதான் இதில் உயிர்நாடி. நாம் விட்ட எழுத்துப் பிழையைச் சரிசெய்வது வேறு, கஸ்டமர் மனம் மாறி விலையை மாற்றச் சொல்வது வேறு. முதலாவதற்கு மருந்து நம்மிடம், இரண்டாவதற்கு மருந்து பேரத்தில்.

வகையை யாரும் டைப் செய்யக் கூடாது. "திருத்தம்" என்பதை ஒருவர் "திருத்தல்" என்று அடித்தால் அந்த வரி கணக்கில் வராது. D பத்தியைத் தேர்ந்தெடுத்து `Data` → `Data validation` போய், ஏழு வகைகளையும் டிராப்டவுனாக வையுங்கள். கஸ்டமர் பெயருக்கும் அப்படியே. வேலை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி. சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், சின்னச் சின்ன போன் பேச்செல்லாம் வடிவமைப்புக்குள் மறைந்துபோகும்.

இன்னொரு தாளில் A2 முதல் கீழே கஸ்டமர் பெயர்கள், B1 முதல் வலப்பக்கம் வகைகள். B2-வில் இதைப் போட்டு மற்றக் கட்டங்களுக்கு இழுத்துவிடுங்கள்:

```
=SUMIFS('பதிவு'!$E:$E,'பதிவு'!$C:$C,$A2,'பதிவு'!$D:$D,B$1)/60
```

விடை மணி நேரத்தில் வரும். இந்த அட்டவணையின் மொத்தமும், பதிவுத் தாளின் மொத்த நிமிடங்களை 60-ஆல் வகுத்தால் வருவதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் ஏதோ ஒரு வரியில் வகையோ பெயரோ விட்டுப்போயிருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள். 12 மணி நேரம் ஆகும் என்று கூலி பேசியாயிற்று. முடிந்தபின் அட்டவணை சொல்வது: வடிவமைப்பு 9, விவரம் சேகரிப்பு 3, கஸ்டமர் பேச்சு 2.5, கஸ்டமர் திருத்தம் 5.5, நம்ம திருத்தம் 1. மொத்தம் 21 மணி நேரம்.

"டிசைன் பண்ற பையன் மெதுவு" என்று முதலாளி நினைத்திருப்பார். 9 மணி நேரம் நாம் போட்ட கணக்குக்குள்தான் இருக்கிறது. அந்த 5.5-ஐ வடிகட்டி, குறிப்புப் பத்தியைப் படித்தால் கதை வேறு. சேலைக்கு 30% என்று கடைக்கார அண்ணாச்சியின் தம்பி ஒப்புக்கொண்ட டிசைனை, மறுநாள் அண்ணாச்சி பார்த்துவிட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். "தம்பி ஓகே சொன்னாங்களே அண்ணாச்சி" என்றதற்கு "நான் சொல்லலியே" என்று பதில். ஒரே விளம்பரத்துக்கு இரண்டு பேர் சம்மதம். ஒழுகல் அங்கேதான்.

அப்புறம் செய்ய வேண்டியது இரண்டு. தள்ளுபடி விவரம் எழுத்தில் வந்தபின்தான் வேலை தொடங்கும், சம்மதம் சொல்பவர் ஒருவர்தான் என்று கொட்டேஷனிலேயே எழுதுங்கள். இரண்டு திருத்தம் கூலிக்குள், மூன்றாவதற்குத் தனிக் கூலி என்றும் சேருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்த அட்டவணையை ஆள்வாரியாகச் சுவரில் ஒட்டாதீர்கள். ஒட்டினால் அடுத்த வாரமே எல்லாரும் வடிவமைப்பு என்றே பதிவார்கள். எட்டு மணி நேர வேலையில் ஆறரைதான் பதிவாகியிருந்தாலும் மிச்சத்தை நிரப்பச் சொல்ல வேண்டாம், அந்த இடைவெளியும் ஒரு தகவல்தான். "இதர" பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், குறிப்புகளைப் படித்துப் புது வகை ஒன்று சேர்க்க வேண்டும் என்று பொருள்.

அடுத்த தீபாவளி வேலையில் கஸ்டமர் திருத்தம் இறங்கி, விவரம் சேகரிப்பு கொஞ்சம் ஏறியிருந்தால் மாற்றம் பிடித்திருக்கிறது. திருத்தம் இறங்கி கஸ்டமர் பேச்சு அதே அளவு ஏறியிருந்தால், அண்ணாச்சியின் திருத்தங்கள் போனில் நடந்துகொண்டிருக்கின்றன.